மச்சானைச் சேர்த்துக்கொண்டு கடை நடத்த எது சரி? பட்டவர்கள் சொல்லுங்கள்

கரூர் ஹார்டுவேர்
பெயின்ட், பைப், கதவுச் சாமான் விற்கும் கடை, என் ஒருவன் பெயரில் ஓடுகிறது. ஆண்டு விற்பனை சுமார் 60 லட்சம், செலவு போக 6 லட்சம் நிற்கும். மச்சான் 8 லட்சம் போட்டு, கடையிலும் உட்காருகிறேன் என்கிறார். பார்ட்னர்ஷிப் போட்டவர்களும் கம்பெனி ஆக்கியவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சேலம் எலக்ட்ரிக்கல்ஸ்
எங்களுடையது அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்த பார்ட்னர்ஷிப். முத்திரைத் தாளில் பத்திரம் எழுதி, பான், ஜிஎஸ்டி, கரன்ட் அக்கவுன்ட் எல்லாம் ஃபர்ம் பெயரில் வாங்கியாகிவிட்டது. ஒரு கட்டட கான்ட்ராக்டர் ஒயர், சுவிட்ச் என்று எடுத்துப் போய் 2 லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்தார். வக்கீலிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபர்மை ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிந்திருக்கிறீர்களா?" பதியவில்லை. பதியாத ஃபர்ம் வெளியாள் மேல் பாக்கி வழக்குப் போட முடியாதாம், 1932 ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் 69 ஆம் பிரிவு. அந்த வெளியாள் நம்மேல் போடலாம், அதற்குத் தடை இல்லை! அப்புறம் ஃபர்மைப் பதிந்துவிட்டு வழக்குப் போட்டோம். அதற்குள் சில பழைய பில்களுக்கு மூன்று ஆண்டுக் கெடு தாண்டிவிட்டது. அந்தப் பணம் போனதுதான்.

மதுரை ஜவுளி
எதற்கு இந்தத் தலைவலி? பிரைவேட் லிமிடெட் போடுங்கள் அண்ணா. பார்ட்னர்ஷிப்பில் மச்சான் கடை பெயரில் சரக்கு வாங்கிப் பணம் கட்டாவிட்டால் உங்கள் வீடு வரைக்கும் வருவார்கள். கம்பெனி என்றால் கடன் கம்பெனியோடு நின்றுவிடும், வீட்டை யாரும் தொட முடியாது.

ஈரோடு கணக்கர் (ஆடிட்டர் ஆபீசில் வேலை)
மதுரைத் தம்பி சொல்வதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி, கடைக்கு ஓவர்டிராஃப்ட் கடன் கேட்டுப் பேங்குக்குப் போகும்வரைதான். அங்கே இரண்டு டைரக்டர்களிடமும் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்குவார்கள், பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்து. நீங்கள் ஜாமீன் போடாத சப்ளையர் பாக்கிக்குத்தான் அந்தப் பாதுகாப்பு நிஜமாக உதவும்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கம்பெனிக்கு ஆண்டுதோறும் ஆடிட் உண்டு. கம்பெனி ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் AOC-4, MGT-7A படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. கடையை மூடிவிட்டுக் கம்பெனியை மூடாமல் விட்ட ஒருவருக்கு, ஒரு முழு ஆண்டுத் தாமதத்துக்கே 73,000 ஆனது.

உங்கள் கணக்குக்கு வருவோம். இப்போது உங்கள் 6 லட்சத்துக்குப் புதிய வரி முறையில் வரி இல்லை, 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. ஃபர்முக்கு அந்தச் சலுகை இல்லை, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ்ஸும். அப்படியே விட்டால் 1,87,200 கட்ட வேண்டும். ஆனால் பத்திரத்தில் வேலை பார்க்கும் பார்ட்னர்களுக்குச் சம்பளம் என்று எழுதி, புத்தகமும் வைத்தால், முதல் 6 லட்ச லாபத்தில் 90 சதவீதம் வரை சம்பளமாகக் கழிக்கலாம். 5,40,000 போக மிச்சம் 60,000, வரி 18,720. ஆளுக்கு 2,70,000 சம்பளம், வேறு பெரிய வருமானம் இல்லை என்றால் அதற்கும் வரி வராது. ஃபர்ம் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், ரிட்டர்னில் திரும்பி வரும். ரெடிமேட் பத்திரத்தில் இந்தச் சம்பள வாசகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் பார்த்த பலவற்றில் இல்லை.

திண்டுக்கல் மளிகை
என் விஷயம் வேறு. கடை என் கணவர் பெயரில் இருந்தது. அவர் தவறிய பிறகு அவருடைய ஜிஎஸ்டி நம்பரில் ஒரு பில் போட முடியாது. நான் என் பான் கார்டில் புது நம்பர் வாங்கி, அவர் கணக்கில் இருந்த ஜிஎஸ்டி வரி வரவை ITC-02 படிவம் போட்டு என் கணக்குக்கு மாற்றினேன். கரன்ட் அக்கவுன்ட் பணம் வாரிசுச் சான்றிதழ் வரும்வரை அப்படியே கிடந்தது. உத்யம் பதிவு இருந்தால் இதெல்லாம் தானாக மாறும் என்று ஒருவர் சொன்னாரே, உண்மையா?

ஈரோடு கணக்கர்
இல்லைம்மா. உத்யம் சிறுதொழில் பதிவு மட்டும்தான், கடையின் உரிமையை அது மாற்றாது.

கரூர் ஹார்டுவேர்
அக்கா சொன்னதைப் படித்ததும் கேட்கத் தோன்றுகிறது. பார்ட்னர்ஷிப்பில் எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால்?

ஈரோடு கணக்கர்
இருவர் மட்டும் என்றால் ஃபர்ம் அன்றோடு கலைந்துவிடும். "தொடரும்" என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், ஒரே ஆள் ஃபர்மாக இருக்க முடியாது. மூன்றாவதாக உங்கள் மனைவியைச் சேர்த்து, "தொடரும்" என்றும் பத்திரத்தில் எழுதினால் ஃபர்ம் தொடர்ந்து ஓடும். கம்பெனியில் இந்தப் பிரச்சினை இல்லை, பங்கு வாரிசுக்குப் போகும்.

கரூர் ஹார்டுவேர்
மனைவியைச் சேர்த்தால் மச்சான் தன் மனைவியையும் சேர்க்கச் சொல்வார். லாபப் பங்கு நாலாகப் பிரியும். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன்.

சேலம் எலக்ட்ரிக்கல்ஸ்
பேசுங்கள். எத்தனை பேர் ஆனாலும் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போய்விட்டு வாருங்கள். கடை வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது?

கரூர் ஹார்டுவேர்
என் பெயரில். ஃபர்ம் பெயருக்கு மாற்றினால் கட்டட உரிமையாளர் புது அட்வான்ஸ் கேட்பார் போலிருக்கிறது. அந்த அனுபவம் யாருக்காவது உண்டா?