கேண்டிலைத் தேய்த்த பிறகு தண்ணீர் மடமடவென்று இறங்குகிறது, இது நல்லதா?

பெகு மருமகள்:
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது கரண்டே வேண்டாத எவர்சில்வர் வாட்டர் ஃபில்டர், மேலே ஒரு பாத்திரம், கீழே குழாய் வைத்த பாத்திரம், மேல் பாத்திரத்துக்குள் இரண்டு வெள்ளைக் கேண்டில். வாங்கிய புதிதில் ராத்திரி 8 லிட்டர் ஊற்றிவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் அவ்வளவும் கீழே இறங்கியிருக்கும். தண்ணீர்த் திருவிழா முடிந்ததிலிருந்து சொட்டு குறைந்துகொண்டே வந்து, போன வாரம் ராத்திரி முழுக்க இறங்கியது ஒரு லிட்டர்கூட இருக்காது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், வாளியில் கொஞ்ச நேரம் கிடந்தால் தேநீர் நிறம் வந்துவிடும்.

நேற்று கேண்டிலைக் கழற்றிப் பச்சை நாரால் நன்றாகத் தேய்த்தேன். செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர் ஓடியது. ஒன்று பளிச்சென்று வெளுத்துவிட்டது, மற்றது எவ்வளவு தேய்த்தும் வெளிர் பழுப்பாகவே நிற்கிறது. மாட்டியதும் 8 லிட்டரும் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது! மாமியாருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது. குடிக்கலாமா?

மோல்மேன் கடலைக்கடை:
எங்கள் கடையிலும் இதே தொல்லை தங்கச்சி, சொட்டு நிற்கவே மாட்டேன் என்றது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் நைந்து போயிருந்தது, புது ரப்பர் போட்டதும் நின்றுவிட்டது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

பெகு மருமகள்:
அண்ணே, குழாய் ஒழுகவில்லை. மேல் பாத்திரத்திலிருந்து கீழே இறங்கும் சொட்டைத்தான் சொல்கிறேன்.

ரங்கூன் 29வது தெரு:
தேய்த்தால் மட்டும் போதாது அக்கா, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு, கேண்டிலை 10 நிமிடம் அதில் போட்டு எடுங்கள். அந்தப் பழுப்பும் போய்விடும், கிருமியும் போய்விடும். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார். வேகமாக இறங்குகிறது என்றால் அடைப்பு போய்விட்டது என்றுதானே அர்த்தம், இதில் பயப்பட என்ன இருக்கிறது?

தட்டோன் பெரியவர்:
அம்மா, அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவேண்டாம், செடிக்கு ஊற்றிவிடு.

காரணம் உன் கணக்கிலேயே இருக்கிறது. புதிதில் 8 லிட்டர் இறங்க ஒரு ராத்திரி ஆனது. தேய்ப்பதால் மேலே படிந்த அழுக்குத் தோல்தான் போகும், ஆகவே மிஞ்சிப்போனால் புதிதில் இருந்த வேகம் திரும்பவேண்டும். ஒரு கேண்டில் பழுப்பாகவே இருக்கும்போது, புதிதை விட நாலைந்து மடங்கு வேகம் எங்கிருந்து வந்தது? தண்ணீர் கேண்டிலுக்குள் நுழையாமல் வேறு வழியில் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாதாரணமாக அடிவாஷர் வழியாக இருக்கும், இல்லையென்றால் கேண்டிலில் விரிசல்.

முதலில் வாஷரைப் பார். மேல் பாத்திரத்தைக் காலி செய்து, கேண்டிலுக்குள் இருக்கும் தண்ணீரும் வடிந்து கீழே சொட்டு அடியோடு நிற்கும்வரை விடு, அவசரப்படாதே. அப்புறம் ஒரு டம்ளரால் மெல்ல ஊற்று. கேண்டிலின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதல்லவா, தண்ணீர் அந்தத் தட்டில் பாதி வரைதான் ஏறவேண்டும், வெள்ளைப் பீங்கானைத் தொடக்கூடாது. பாத்திரத்தை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு நட்டுக்கும் நேர் கீழே உலர்ந்த காகிதம் போட்டு அரை மணி நேரம் விடு. பீங்கானைத் தொடாத தண்ணீருக்குக் கேண்டில் வழியாக இறங்க வழியே கிடையாது, ஆகவே எந்தக் காகிதம் நனைகிறதோ அங்கே வாஷர் பிடிக்கவில்லை.

29வது தெருத் தம்பி, முழுக்கப் பீங்கானாக இருக்கும் சில பழைய கேண்டில்களைக் கொதிக்க வைக்கலாம், அதுவரை நீ சொல்வது சரி. அடியில் பிளாஸ்டிக் ஒட்டியதும் உள்ளே கரி நிரப்பியதும் கொதிநீரில் போட்டால் பசை விட்டுப்போகும். சோப்பு எதற்குமே ஆகாது, பீங்கான் அதை உறிஞ்சிக்கொண்டு நாள்கணக்கில் தண்ணீரில் வாடை விடும்.

பெகு மருமகள்:
செய்து பார்த்தேன் ஐயா. வெளுத்த கேண்டிலுக்குக் கீழே போட்ட காகிதம் 5 நிமிடத்தில் நனைந்துவிட்டது! பழுப்புக் கேண்டிலின் பக்கம் உலர்ந்தே இருக்கிறது.

கழற்றிப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். தடித்த ரப்பர் வாஷரைப் பாத்திரத்துக்கு வெளியே நட்டோடு சேர்த்து மாட்டியிருக்கிறேன். உள்ளே கேண்டிலின் தட்டு வெறும் எவர்சில்வர் மேல் உட்கார்ந்திருந்தது.

தட்டோன் பெரியவர்:
அதுதான். வாஷர் உள்ளே, தட்டுக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவில் வரவேண்டும். அந்த இடத்தை விரலால் தடவிப் பார், ஒரு மணல் இருந்தாலும் ரப்பர் சரியாகப் படியாது. வாஷர் கல் மாதிரி இறுகியிருந்தால் தூக்கிப்போட்டுவிடு. கேண்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நட்டைத் திருகு. விரல் பலம் போதும், கொறடு வைத்து முறுக்கினால் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும், நானே ஒன்றை அப்படி நாசம் செய்திருக்கிறேன்.

மாட்டுவதற்கு முன் விரிசலையும் பார்த்துவிடு. நனைந்த கேண்டிலை ஒரு வாளித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்திவிட்டு, தண்டில் ஒரு சுத்தமான ரப்பர் குழாயைச் செருகி மெல்ல ஊது. பீங்கான் நன்றாக இருந்தால் காற்று வெளியே வராது. ஒரே இடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தால், பீங்கானாக இருந்தாலும் தட்டு ஒட்டிய இடமாக இருந்தாலும், அந்தக் கேண்டிலின் கதை முடிந்தது, ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாதே.

இன்னொன்று. தேய்க்கும்போது தண்டின் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டாயா? தேய்த்த அழுக்கு அந்த வழியாக உள்ளே போனால் சுத்தமான பக்கம் கெட்டுவிடும். தண்டையும் நட்டையும் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவு, கீழ்ப் பாத்திரத்தையும்தான்.

பெகு மருமகள்:
மூடவில்லை ஐயா. 😔 தண்டில் கொதித்து ஆறிய தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றி உதறிவிட்டேன். ஊதிப் பார்த்ததில் இரண்டிலும் குமிழி இல்லை. வாஷரை உள்ளே போட்டு மறுபடி காகிதம் வைத்தேன், அரை மணி நேரம் ஆகியும் இரண்டும் உலர்ந்திருந்தன. முதல் இரண்டு நிரப்புத் தண்ணீரையும் கொட்டிவிட்டேன். நேற்று ராத்திரி 9 மணிக்கு நிரப்பினேன், காலை 6 மணிக்கு 5 லிட்டர் இறங்கியிருந்தது. பழுப்புக் கேண்டில்தான் இன்னும் மெதுவாகச் சொட்டுகிறது.

ரங்கூன் 29வது தெரு:
அப்படியென்றால் அந்தத் தேநீர் நிறத்துக்குக் காரணம் தண்ணீரில் உள்ள இரும்புதானே, படிகாரம் போட்டு அதைப் படியவைத்துவிட்டு ஊற்றலாமே?

தட்டோன் பெரியவர்:
இவர்கள் தண்ணீருக்குப் படிகாரம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். வாய் அகன்ற பானையில் ஊற்றி, உயரத்திலிருந்து இரண்டு மூன்று முறை மொண்டு ஆற்றிவிட்டு ஒரு ராத்திரி வைத்தால் காற்றுப் பட்டே பழுப்பு அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை மட்டும் மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்று. பழுப்புக் கேண்டிலில் கறை பீங்கானுக்குள்ளேயே இறங்கியிருக்கலாம், அப்படியானால் தேய்த்து எடுக்க முடியாது. ஒருவேளை உள்ளே காற்று அடைத்திருக்கலாம். தலைகீழாகப் பிடித்துத் தண்டு வழியாகக் கொதித்து ஆறிய தண்ணீர் நிரப்பி, ஓட்டையை விரலால் மூடி, நிமிர்த்தி மாட்டிப் பார்.

மோல்மேன் கடலைக்கடை:
தங்கச்சி, இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் கடை ஃபில்டரைக் கழற்றினேன். எங்களுடையதிலும் வாஷர் வெளியேதான் இருக்கிறது. எத்தனை மாதமாக இப்படியோ!

பெகு மருமகள்:
ஐயோ அண்ணே, முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். ஐயா, காற்று விஷயத்தை இன்று சாயங்காலம் செய்துவிட்டு நாளைக் காலையில் அளந்து எழுதுகிறேன்.