அழைப்புத் தலையீடா, இசைவுத் தலையீடா?

பாஸ்கரன்:
ஒரு நாட்டின் அரசே கேட்டு அயல்நாட்டுப் படை வருவதற்கு 'அழைப்புத் தலையீடு' என்று கலைச்சொல் போடலாமா? அரசு கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் படை அங்கே நிற்பது சட்டப்படி சரி, அவ்வளவுதானே.

கலையரசி:
கடிதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. கொங்கோ, உகாண்டா மீது போட்ட வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 2005இல் கொடுத்த தீர்ப்பைப் பாருங்கள். 1997இல் கொங்கோவில் கபிலா ஆட்சிக்கு வந்தபின் அதன் கிழக்கு எல்லையில் உகாண்டாப் படை நின்றது, அவர் ஆட்சேபிக்கவில்லை. வாருங்கள் என்று கூப்பிட்டதைவிட, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டதுதான் அதிகம். நீதிமன்றம் அதையே இசைவாக எடுத்துக்கொண்டது. 1998 ஏப்ரலில் எல்லைப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றும் வந்தது.

அந்த ஆகஸ்ட் 8ஆம் தேதி, விக்டோரியா அருவி மாநாட்டில், உகாண்டா ஆக்கிரமித்துவிட்டது என்று கொங்கோ குற்றம்சாட்டியது. உடன்படிக்கையை முறைப்படி முறிக்கவில்லையே என்று உகாண்டா வாதாடியும் எடுபடவில்லை. இசைவைத் திரும்பப் பெறத் தனிச் சடங்கு எதுவும் தேவையில்லை, அந்தத் தேதியோடாவது அது போய்விட்டது என்றார்கள் நீதிபதிகள். அப்புறம் அளவு. எல்லையில் கிளர்ச்சியாளர்களைத் தடுக்கக் கொடுத்த இசைவு, பல நூறு கிலோமீட்டர் உள்ளே கிசங்கானி விமான நிலையத்தைப் பிடிப்பதற்குச் செல்லாது. அழைப்பு ஒருமுறை விடுவது. இசைவு நாள்தோறும் நீடிக்க வேண்டும். என் ஓட்டு 'இசைவுத் தலையீடு'.

சேவியர்:
1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது யாழ்ப்பாணத்தில் எங்களை யாரும் கேட்கவில்லையே. அது யாருடைய இசைவு?

கலையரசி:
கொழும்பு அரசின் இசைவு, சேவியர் அண்ணா. சட்டம் மக்களைக் கேட்பதில்லை, அரசைத்தான் கேட்கிறது. அது நியாயமா என்று கேட்டால் என்னிடமும் பதிலில்லை. 1989இல் பிரேமதாசா ஜூலைக்குள் போகச் சொன்னார். கடைசி அணி கிளம்பியது 1990 மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களுக்கு என்ன பெயர் என்பதுதான் சட்டக் கேள்வி.

பாஸ்கரன்:
சரி, அப்படியானால் தலைநகர் யார் கையிலோ, அவர் இசைவே செல்லும் என்று விளக்கம் எழுதட்டுமா?

கலையரசி:
பெரும்பாலும் பொருந்தும், காம்பியாவில் இடிக்கும். 2017 ஜனவரி 19 அன்று, தேர்தலில் வென்ற பாரோ பதவியேற்றது செனகலின் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில். தோற்ற ஜாமே காம்பியத் தலைநகர் பன்ஜூலில் உட்கார்ந்திருந்தார். பாரோவின் வேண்டுகோளைக் காட்டித்தான் மேற்கு ஆப்பிரிக்கப் படைகள் நுழைந்தன. ஒரு தெருகூட அவர் பிடியில் இல்லை. ஆனால் அவரே அதிபர் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றிருந்தது. அந்த ஏற்பு மட்டுமே போதுமா என்பதில் சட்டக்காரர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பாஸ்கரன்:
சொல்லை 'இசைவுத் தலையீடு' என்று மாற்றிவிட்டேன். ஆனால் இசைந்தபிறகு அது தலையீடுதானா என்று ஒரு நெருடல் இருக்கிறது. 'இசைவுப் படைவரவு' எப்படி?

சேவியர்:
வரவுக்கு மட்டுமா? போகச் சொல்லியும் போகாத படைக்கும் ஒரு சொல் போடுங்கள்.