தவணைத் தேதி விடுமுறையில் விழுந்தால் கிரேஸ் எந்த நாளிலிருந்து? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வேம்பு
என்னுடைய கடன் தவணையின் டியூ மாதம் 5ஆம் தேதி. இந்த முறை 5 சனிக்கிழமை, வங்கி மூடல். 6 ஞாயிறு, 7 திங்கள் பொது விடுமுறை. அடுத்த வேலை நாள் 8. டியூ தாண்டினாலும் தாமதக் கட்டணம் இல்லாமல் கட்ட ஒப்பந்தத்தில் 3 நாள் கிரேஸ் உண்டு. 8லிருந்து 3 நாள் சேர்த்தால் 11 வரை நேரம் இருக்கிறது என்ற கணக்கில் 10ஆம் தேதி கட்டினேன். தாமதக் கட்டணம் போட்டுவிட்டார்கள். கேட்டால், "கிரேஸ் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது" என்கிறார்கள். மூன்று நாளும் கதவைச் சாத்திவிட்டு, அதையே கிரேஸ் நாளாக எண்ணுவது என்ன நியாயம்? வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சுடர்_மதி
எனக்குப் படிப்புக் கடன். கோர்ஸ் முடிந்து ஆறு மாதம் கிரேஸ் கொடுத்தார்கள், அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு வெறும் 3 நாள்தானா? மேலாளரிடம் பேசிப் பாருங்கள்.

வேம்பு
அது தவணையே தொடங்காத காலம் அக்கா. நான் கேட்பது மாதாமாதம் டியூ தாண்டினால் கிடைக்கும் அவகாசம்.

பாரி_77
வங்கி விடுமுறை என்றால் டியூ தானாக அடுத்த வேலை நாளுக்குப் போய்விடும், எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். கிரேஸும் கூடவே நகரும். உங்கள் பக்கம்தான் நியாயம், எழுத்தில் புகார் கொடுங்கள்.

பழைய_பேரேடு
பாரி சொல்வதில் பாதி சரி. நான் பல வருடம் கடன் கணக்குப் பிரிவில் இருந்தவன். இந்தத் தகராறு பெரும்பாலும் ஒப்பந்தத்தில் உள்ள ஒரே ஒரு வினைச்சொல்லில்தான் நிற்கும்.

சில ஒப்பந்தங்களில் "தவணைத் தேதி வேலை நாளாக இல்லாவிட்டால், அடுத்த வேலை நாளே தவணைத் தேதியாகக் கொள்ளப்படும்" என்று இருக்கும். அப்படியானால் டியூ நகர்ந்துவிட்டது. கிரேஸை 8லிருந்து எண்ண வேண்டும், வேம்பு கட்டியது நேரத்துக்குள்தான். வேறு சிலவற்றில் "அடுத்த வேலை நாளில் செலுத்தலாம்" என்று மட்டும் இருக்கும். இங்கே டியூ 5லேயே நிற்கிறது, பணம் வாங்கிக்கொள்ளும் நாள் மட்டும் தள்ளிப்போகிறது. கிரேஸ் 6, 7, 8. அதில் இரண்டு நாள் விடுமுறையிலேயே கரைந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். கிரேஸ் "நாட்கள்" என்று இருக்கிறதா, "வேலை நாட்கள்" என்று இருக்கிறதா? வெறும் நாட்கள் என்றால் விடுமுறையும் கணக்கில் வரும். வேம்பு, உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள வரியை அப்படியே இங்கே போடுங்கள்.

வேம்பு
எடுத்துப் பார்த்தேன் சார். "விடுமுறை நாளில் விழும் தவணை அடுத்த வேலை நாளில் செலுத்தத்தக்கது." கிரேஸ் பற்றி "3 நாட்கள்" என்று மட்டும் இருக்கிறது.

பழைய_பேரேடு
இரண்டுக்கும் நடுவில் எழுதி வைத்திருக்கிறார்கள். "செலுத்தத்தக்கது" என்றால் அன்றுதான் டியூ என்று நீங்கள் வாதாடலாம், இல்லை என்று அவர்களும் வாதாடலாம். தெளிவில்லாத வரியை அதை எழுதியவருக்குப் பாதகமாகவே படிக்க வேண்டும் என்ற வாதம் உங்களுக்குக் கைகொடுக்கும். பாரி சொன்னபடி எழுத்தில் கேளுங்கள். ஆனால் "மூடியிருந்தீர்கள், அநியாயம்" என்று எழுதாதீர்கள். அந்த வரியைக் காட்டி, எந்தத் தேதியிலிருந்து கிரேஸை எண்ணினீர்கள், எந்தப் பிரிவின்படி என்று மட்டும் கேளுங்கள்.

நள்ளிரவு_நாரை
எனக்கும் இதே சனி, ஞாயிறு, திங்கள். நான் 8ஆம் தேதியே கட்டிவிட்டேன், அபராதம் இல்லை. ஆனால் ஸ்டேட்மெண்டில் வட்டி வழக்கத்தைவிட ஏறக்குறைய 740 கூடுதல். கிரேஸ் என்றால் வட்டி கிடையாது என்றுதானே நினைத்தோம்?

பழைய_பேரேடு
கிரேஸ் தள்ளுபடி செய்வது தாமதக் கட்டணத்தை மட்டும்தான். தினசரி நிலுவை மேல் வட்டி போடும் கடனில் விடுமுறைக்கும் வட்டி ஓடும். ஆனாலும் 740ஐப் பார்த்துப் பதற வேண்டாம்.

நிலுவை 10,00,000, வட்டி 9 சதவீதம், தவணை 20,758 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வட்டி சுமார் 246.58. 30 நாளுக்கு 7,397. நீங்கள் 33ஆவது நாளில் கட்டியதால் 8,137. அந்த வித்தியாசம்தான் உங்கள் 740. தவணைத் தொகை மாறாததால், அசலில் கழிவது அந்த அளவுக்குக் குறையும்.

அடுத்த மாதம் மறுபடி 5ஆம் தேதியே கட்டுவீர்கள். இடைவெளி 27 நாள்தான், அதனால் வட்டி 6,574. நேரத்துக்குக் கட்டியிருந்தால் அந்த மாதம் 7,298 வந்திருக்கும். இரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் உண்மையில் கூடுதலாகப் போனது சுமார் 15 மட்டுமே. அடுத்த ஸ்டேட்மெண்டில் வட்டி அப்படிக் குறையவில்லை என்றால்தான் சண்டைக்குப் போக வேண்டும். முன்கூட்டியே அட்டவணை போட்டு வட்டியைப் பிரித்துவிட்ட கடனில் இந்த 15கூட வராது.

நள்ளிரவு_நாரை
அப்பாடா. நன்றி சார். அடுத்த மாத ஸ்டேட்மெண்டுக்குக் காத்திருக்கிறேன்.

கடல்_காகம்
எல்லோரும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போவதைப் பேசுகிறீர்கள். எனக்கு முந்தைய நாளுக்கு வந்தது! தொழிற்கடன், டியூ 30. அந்த மாதம் 30 சனி, 31 ஞாயிறு. திங்கள் 1ஆம் தேதி எடுப்பார்கள் என்று கணக்கில் பணம் வைக்காமல் இருந்தேன். 29 வெள்ளியே எடுக்கப் பார்த்து, பணம் இல்லாமல் திரும்பிவிட்டது. திரும்பியதற்குத் தனிக் கட்டணம் வேறு.

பழைய_பேரேடு
அதற்கு "மாடிஃபைட் ஃபாலோயிங்" என்று பெயர். அடுத்த வேலை நாள் அதே மாதத்துக்குள் வந்தால் அந்த நாளுக்குத் தள்ளிப்போகும், மாதம் தாண்டினால் முந்தைய வேலை நாளுக்குத் திரும்பும். பெரிய கடன், தொழிற்கடன் ஒப்பந்தங்களில் அதிகம் பார்க்கலாம். மாதக் கடைசியில் டியூ வைத்திருப்பவர்கள் இந்தச் சொல் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

பாரி_77
சரி, பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. சனிக்கிழமை ஆப்பில் கட்டினால் "வெற்றி" என்று வருகிறதே, அது எந்தத் தேதிக் கணக்கில் ஏறும்?

பழைய_பேரேடு
ஆப் திறந்திருப்பதும் கடன் கணக்கில் பணம் ஏறுவதும் வேறு வேறு. ஸ்டேட்மெண்டில் பதிவுத் தேதி, பணம் எந்த நாளிலிருந்து கணக்கில் கொள்ளப்படுகிறது என்று காட்டும் வேல்யூ டேட் என்று இரண்டு இருக்கும். வேல்யூ டேட் 5 என்று இருந்தால், பதிவு 8ஆக இருந்தாலும் கவலையில்லை. இரண்டுமே 8 என்றால் உங்கள் பணம் மூன்று நாள் வழியில் கிடந்திருக்கிறது. ரசீதை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சுடர்_மதி
நான் முதலில் வேறு எதையோ நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன், விடுங்கள். எனக்கும் இப்போது தவணை தொடங்கிவிட்டது. ஒரு முறை விடுமுறைக்குப் பயந்து வெள்ளியே கையால் கட்டினேன். செவ்வாய்க்கிழமை ஆட்டோ டெபிட்டும் எடுத்துவிட்டது. இரண்டாவது தொகையை அசலில் வரவு வைத்துவிட்டார்கள், கேட்டும் திருப்பித் தரவில்லை.

கடல்_காகம்
டெபிட் கோரிக்கை முன்னாலேயே போய்விடும், கடைசி நேரத்தில் நிறுத்த முடியாது. ஆட்டோ டெபிட்டுக்கு மேண்டேட் கொடுத்திருந்தால் கையால் கட்டாமல், அந்தக் கணக்கில் பணத்தைப் போட்டு வைப்பதுதான் மேல்.

வேம்பு
கடிதம் அனுப்பிவிட்டேன். இன்னொரு சந்தேகம். டியூ சாதாரண நாள், ஆனால் கிரேஸின் கடைசி நாள் விடுமுறை என்றால்?

பாரி_77
அப்போதாவது நகருமா?

பழைய_பேரேடு
டியூ தேதிக்கு எழுதிய விடுமுறைப் பிரிவு கிரேஸுக்கும் பொருந்தும் என்று தனியாக எழுதியிருந்தால் நகரும். எழுதாத இடத்தில் இரண்டு விதமாகவும் தீர்த்துப் பார்த்திருக்கிறேன், ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில்.