ஒரே வளைகோட்டில் மூன்று அரை ஆயுள்: உங்களுக்கும் நடந்ததுண்டா?

டியூஷன் டீச்சர்:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஊரில் இருக்கிறேன். இரவில் வீட்டு வாசலில் ஆறு பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பயிற்சித் தாளில் அயோடின்-131 கேள்வி வந்தது. கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கருவி ஒரு நிமிடத்தில் காட்டிய எண்ணிக்கை தொடக்கத்தில் 680. எட்டாம் நாள் 360, பதினாறாம் நாள் 200, 24ஆம் நாள் 120, 32ஆம் நாள் 80, 40ஆம் நாள் 60. புள்ளி வைத்து வளைகோடு போட்டு, அயோடின் பாதியாகக் குறைய ஆகும் நேரமான அரை ஆயுளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பையன் சட்டென்று முடித்துவிட்டான். 680இல் பாதி 340. அந்த உயரத்தில் படுக்கைக் கோடு இழுத்து, வளைகோட்டைத் தொட்ட இடத்திலிருந்து கீழே இறக்கினான். 8.7 நாள். விடைத்தாளிலும் 8.7 என்றே இருந்தது. சரி என்று நானும் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் விடவில்லை. அவள் 340இன் பாதியான 170க்கும் கோடு இழுத்தாள், 85க்கும் இழுத்தாள். 170 வந்த இடம் 18.4 நாள், 85 வந்த இடம் 30.6. முதல் பாதிக்கு 8.7 நாள், இரண்டாவதுக்கு 9.7, மூன்றாவதுக்கு 12க்கு மேல். "டீச்சர், போகப் போக ஆயுள் வளருதே!" என்றாள்.

அரை ஆயுள் வளராது. எங்கிருந்து தொடங்கினாலும் பாதியாக ஒரே அளவு நேரம்தான் ஆக வேண்டும். அப்புறம்தான் கேள்வியின் ஓரத்தில் இருந்த சின்ன வரி கண்ணில் பட்டது: அயோடின் மூலத்தை எடுத்துவிட்டபின் கருவி காட்டியது நிமிடத்துக்கு 40. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கும் கதிர் அது, பின்புலம் என்பார்கள். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 40ஐக் கழித்தோம். 640, 320, 160, 80, 40, 20. எட்டு எட்டு நாளாக அழகாகப் பாதியானது.

விடைத்தாள் போட்டவரும் அந்த வரியைப் பார்க்கவில்லை போல. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஐந்தாம் படிவம்:
டீச்சர், அந்த 8.7 பையன் நான்தான். ஸ்கூல்ல அரை ஆயுளை மலாய்ல "செப்பாரோ ஹயாட்"னு சொல்லித்தந்தப்ப கழிக்கிற கதையே வரல, அங்க வளைகோடு நேரா பூஜ்யத்துக்கிட்ட போயிடும். ஆனா அதே தாள்ல அடுத்த கேள்வி நான் சரியாத்தான் போட்டேன். 20 நாள் கழிச்சு அயோடினோட எண்ணிக்கை எவ்வளவுன்னு கேட்டாங்க. 16ல 160, 24ல 80, 20 சரியா நடுவுல. அப்ப 120.

ஓய்வுபெற்ற லேப்:
தம்பி, பாதி சரி. இரண்டு புள்ளிக்கும் நடுவில் ரூலரை வைத்து நேர்க்கோடு போட்டாய். வளைகோடு அந்த நேர்க்கோட்டுக்குக் கீழே தொய்ந்துதான் போகும். மெல்லிய கையால் வளைவாக வரைந்து, 20இல் மேலே ஏறிப் பார், 113 பக்கம் நிற்கும். கணக்காகப் போட்டாலும் அதுதான். 20 நாள் என்றால் இரண்டரை அரை ஆயுள், 640ஐ 5.66ஆல் வகுக்கிறாய். கருவியின் முகத்தில் தெரியப்போவது அதோடு 40 சேர்த்து 153. கேள்வி கருவியைக் கேட்கிறதா, அயோடினைக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்.

இன்னொன்று. 40ஆம் நாளின் 60ஐ நம்பி எதையும் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் எண்ணி 60 வந்தால், அடுத்த நிமிடம் 52ம் வரும், 68ம் வரும். அதிலிருந்து 40ஐக் கழித்தால் மிஞ்சுவது 20, அதில் பத்து வரை ஆட்டம். வால் பகுதியில் பாதியைத் தேடுவது, ஆடும் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. நான் கல்லூரியில் செய்தபோது புரோட்டாக்டினியம் வைத்துச் செய்வோம், 70 விநாடியில் பாதியாகிவிடும். ஒரு பையன் பின்புலத்தைப் பத்து விநாடி மட்டும் எண்ணிவிட்டு ஆறால் பெருக்கினான். அன்றைக்கு அவனுக்கு மட்டும் வேறு விடை.

பழைய வெல்டிங் இன்ஸ்பெக்டர்:
நான் படிப்பாளி இல்லை. குழாய் வெல்டிங்கை இரிடியம்-192 வைத்துப் படமெடுக்கும் வேலை, பதினெட்டு வருடம். அதன் பாதி 74 நாள். மூலத்தோடு ஒரு வளைகோட்டுத் தாள் வரும், தேதியைப் பார்த்து இன்றைக்கு மூலத்தின் வீரியம் எத்தனை கியூரி என்று படித்து, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்வோம். 80 கியூரி என்றால் 60 நாளில் 45, 46. ஐந்து நிமிடம் போதும் என்றிருந்த படத்துக்கு ஒன்பது நிமிடம் தேவை.

ஒரு தடவை ஒரே நாளில் எடுத்த படமெல்லாம் வெளிறிப்போனது. ரசாயனம் பழசு என்று கழுவுகிற ஆளைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது. மூலம் எங்களிடம் வந்து சேர்ந்த நாளைப் பூஜ்யமாக வைத்திருந்தேன். சான்றிதழில் 80 கியூரி என்று அளந்த நாள் அதற்கு 20 நாள் முன்னால். வந்து இறங்கும்போதே அது 66. வளைகோடு சரியாகத்தான் இருந்தது, நான்தான் தப்பான இடத்திலிருந்து படித்தேன்.

தோட்டத்து ஆன்ட்டி:
எனக்குத் தைராய்டுக்கு அயோடின் குடிக்கக் கொடுத்தாங்க. எட்டு நாளில் பாதி போகும்னு சொல்றீங்க, அப்ப பதினாறு நாளில் முழுசும் போயிடும்தானே? பேரனைத் தூக்கலாமா?

ஓய்வுபெற்ற லேப்:
அம்மா, எட்டு நாளில் பாதி, அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி. அதனால் 16ஆம் நாள் கால் பங்கு இருக்கும். அது குப்பியில் இருக்கும் அயோடினுக்கு. உடம்பு சிறுநீர் வழியாகவும் வெளியே தள்ளுவதால் உங்கள் உடம்பில் அதைவிடச் சீக்கிரம் குறையும். எவ்வளவு சீக்கிரம் என்பது உங்கள் தைராய்டையும் கொடுத்த அளவையும் பொறுத்தது. பேரன் விஷயத்தை மருந்து கொடுத்த இடத்திலேயே கேளுங்கள், இந்த வளைகோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தோட்டத்து ஆன்ட்டி:
சரி, நாளைக்கே போன் பண்ணிக் கேட்கிறேன். மருந்து குடிச்சு மூணு வாரமாச்சு.

ஐந்தாம் படிவம்:
டீச்சர், 40ன்னு கொடுக்காம வளைகோடு மட்டும் வந்தா?

டியூஷன் டீச்சர்:
வளைகோடு கடைசியில் எந்த உயரத்தில் படுத்துக்கொள்கிறது என்று பார், அதுதான் பின்புலம். ஆனால் நம் தாளில் 40ஆம் நாளோடு நிற்கிறது, அங்கே இன்னும் 60. படுக்கவே இல்லை. அப்போது ஒரு எண்ணை ஊகித்துக் கழித்து, மூன்று பாதியும் ஒரே அளவாக வருகிறதா என்று சோதிக்கலாம். பரீட்சையில் அதை எதிர்பார்ப்பார்களா, எனக்குத் தெரியவில்லை. 8.7ஐ விடைத்தாள் ஏற்றுக்கொண்டதே, அந்த மதிப்பெண்ணுக்கு நான் இன்னும் பள்ளியில் சண்டை போடவில்லை.

ஐந்தாம் படிவம்:
50 கழிச்சுப் பார்த்தேன். முதல் பாதி 7.8, ரெண்டாவது 7.6, மூணாவது 7.3. இப்ப ஆயுள் சுருங்குது டீச்சர்.

ஓய்வுபெற்ற லேப்:
அப்படியானால் கூடுதலாகக் கழித்துவிட்டாய். இறங்கி வா.