‘ஒதுக்கீடு’ ஒன்றே போதுமா? பல பிரிவுக் கடையின் பொதுச் செலவுக்கு ஒரு சொல்

வணிகவியல் ஆசிரியை, தென்காசி

எல்லாருக்கும் வணக்கம். துறைவாரிக் கணக்குகள் பாடத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் நான்கு நாளாக நிற்கிறேன்.

ஒரு கடையில் மளிகை, பாத்திரம், ஜவுளி என்று மூன்று பிரிவு. ஜவுளிப் பிரிவில் நிற்கும் விற்பனைப் பெண்ணின் சம்பளம் முழுக்க ஜவுளிக்கே போகும். இது அலொகேஷன். கட்டட வாடகை மூன்றுக்கும் பொது, அதை ஏதோ ஒரு கணக்கு வைத்துப் பிரிக்க வேண்டும். இது அப்போர்ஷன்மென்ட். நான் பார்த்த தமிழ்க் குறிப்புகள் இரண்டையும் ‘ஒதுக்கீடு’ என்றே எழுதுகின்றன. தேர்வில் பிள்ளைகள் வாடகையைத் தூக்கி ஒரே பிரிவில் வைத்துவிடுகிறார்கள். சொல் ஒன்றாக இருக்கும்போது அவர்களை எப்படிக் குறை சொல்வது? இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை

ஒதுக்கீட்டில் என்ன குழப்பம் அம்மா? வாரா ஐயக்கடனுக்கு ஆண்டு முடிவில் இலாபத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து வைக்கிறோம், அதுதானே ஒதுக்கு. பிரிவுவாரியாக வைக்க வேண்டுமானால் எந்தப் பிரிவில் கடன் நிலுவை அதிகமோ அதற்கு அதிகம் வையுங்கள். நாற்பது ஆண்டுகளாகப் பழகிய சொல், மாற்ற வேண்டாம்.

வணிகவியல் ஆசிரியை, தென்காசி

ஐயா, நீங்கள் சொல்வது வருங்கால நட்டத்துக்காக எடுத்து வைப்பது. நான் கேட்டது நடந்து முடிந்த செலவை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்று. ஆனால் உங்கள் பதிலே என் பக்கம் பேசுகிறது. பங்கு விண்ணப்பித்தவருக்குப் பங்கு கொடுப்பதும் ஒதுக்கீடு, ஐயக்கடனுக்கு எடுத்து வைப்பதும் ஒதுக்கு. ஏற்கெனவே சுமை கூடிய சொல் இது.

பி.காம். இறுதியாண்டு மாணவர், திருச்சி

மேம், எனக்கு இது சிக்கலாகவே தெரியவில்லை. பொதுச் செலவு எதுவானாலும் விற்பனை விகிதத்தில் பிரித்துவிட்டால் முடிந்தது. யார் அதிகம் விற்கிறார்களோ அவர்கள் அதிகம் தாங்கட்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஜிஎஸ்டி விதி 42-இல் வரிவிலக்குப் பொருளுக்கும் வரி உள்ள பொருளுக்கும் பொதுவான உள்ளீட்டு வரியை விற்றுமுதல் விகிதத்தில்தான் பிரிக்கிறோம். அதனால் ‘விற்பனை விகிதப் பகிர்வு’ என்று ஒரே சொல்லாக வைத்துவிடலாம்.

தணிக்கையாளர், மதுரை

தம்பி விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் அது அரசுக்குக் காட்டும் வரிக்கணக்கு. அங்கே அளவுகோலைச் சட்டம் கொடுத்துவிட்டது, நமக்குத் தேர்வு இல்லை. கடைக்காரர் தனக்காகப் போடும் கணக்கில் அளவுகோலை அவர்தான் தேட வேண்டும்.

விளம்பரம், விற்பனைக் கழிவு, வெளித்தூக்குக் கூலி போன்றவை விற்பனையோடு ஏறி இறங்குபவை. அவற்றுக்கு விற்பனை விகிதம் பொருந்தும். அந்த அளவில் தம்பி சொன்னது சரி. வாடகை அப்படியா? மாதம் ஆறு இலட்சத்துக்கு மளிகை விற்கிறது, மொத்த விற்பனை பத்து இலட்சம் என்று வையுங்கள். வாடகை 54,000. விற்பனை விகிதத்தில் பிரித்தால் மளிகை தலையில் மட்டும் 32,400 விழும். மளிகையில் மொத்த இலாபம் நூற்றுக்குப் பன்னிரண்டு கிடைத்தாலே பெரிது. அதாவது 72,000-இல் கிட்டத்தட்ட பாதி வாடகைக்கே போகும். அது அடைத்திருக்கும் இடமோ மூன்றில் ஒரு பங்கு. அரிசி மூட்டை வேகமாகச் சுழல்வது அதன் குற்றமா?

செலவு எதனால் உண்டாகிறதோ அதுவே அளவுகோல். வாடகைக்கு இடம், சரக்குக் காப்பீட்டுக்குச் சராசரிச் சரக்கின் மதிப்பு, பணியாளர் நலச் செலவுக்குத் தலை எண்ணிக்கை. சொல்லை யோசிக்கும்போதும் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒரே விகிதத்தைச் சொல்லுக்குள்ளேயே அடைத்துவிட்டால் பொருள் கெட்டுவிடும்.

கடைக்காரர், விருதுநகர் பக்கம்

வணக்கம். நான் படித்தது பத்தாம் வகுப்பு. என் கடையும் இதே மூன்று பிரிவுதான், அதனால் உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் கோயில் கொடைக்கு வரி பிரிப்பது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. கறிக்கடையில் கூறு போடுகிறோம். ‘கூறுபோடுதல்’ என்றே வைத்தால் யாருக்கும் புரியுமே?

அப்படியே என் சங்கதியையும் கேட்டுவிடுகிறேன். கீழே மளிகை 800 சதுரடி, பாத்திரம் 400. மாடியில் ஜவுளி 1,200. பாத்திரத்தில் மாதம் 30,000 மொத்த இலாபம், ஒரு பையன் சம்பளம் 11,000. பொதுச் செலவில் அதன் பங்காக விளம்பரம் 3,000, மின்சாரம் 2,500, கல்லாவில் இருப்பவருக்கும் கணக்கருக்கும் 3,600. வாடகை எவ்வளவு வைப்பது என்பதில் மகனுக்கும் எனக்கும் சண்டை. பாத்திரத்தை மூடிவிடலாம் என்கிறான்.

தணிக்கையாளர், மதுரை

அண்ணாச்சி, உங்கள் கணக்கு வைத்தே சொல்கிறேன். வாடகை அந்த 54,000 என்றே கொள்வோம். மொத்தம் 2,400 சதுரடி. வெறும் சதுரடிக்கு வகுத்தால் அடிக்கு 22.50. பாத்திரத்துக்கு 9,000 வரும். எல்லாவற்றையும் கழித்தால் 900 ரூபாய் இலாபம்.

ஆனால் தெருவைப் பார்த்த கீழ்த்தளமும் படியேறிப் போகும் மாடியும் ஒரே விலைக்குக் கிடைக்குமா? உங்கள் தெருவில் கீழ்த்தளம் மாடியைப் போல இரு மடங்குக்குப் போகிறது என்றால் கீழே ஒரு அடியை இரண்டாக எண்ண வேண்டும். மளிகை 1,600, பாத்திரம் 800, ஜவுளி 1,200, ஆக 3,600. இப்போது பாத்திரத்துக்கு 12,000 விழும். 900 இலாபம் 2,100 நட்டமாக மாறிவிட்டது. பாத்திரத்தில் ஒரு குடம்கூடக் கூடவோ குறையவோ விற்கவில்லை. நீங்களும் மகனும் சண்டை போட்டது இந்த 3,000 ரூபாய்க்குத்தான் என்று நினைக்கிறேன். என் கணிப்பில் மகன் வைத்த வாடகைதான் நியாயம். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு.

பாத்திரத்தை மூடினால் 30,000 போகும், பையன் சம்பளம் 11,000 மிச்சமாகும். கையை விட்டுப் போவது 19,000. வாடகை, விளம்பரம், கல்லாச் சம்பளம் எல்லாம் அப்படியே நிற்கும், மற்ற இரண்டு பிரிவின் மேல் சாயும். கடை முழுக்க இப்போது 7,000 இலாபம் என்றால் மூடிய மாதத்திலிருந்து 12,000 நட்டம். அந்த 400 சதுரடியில் வேறு எதை வைத்தாலும் மாதம் 19,000-க்கு மேல் தந்தால்தான் மூடுவதைப் பற்றிப் பேசலாம். சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க வரும் கல்யாண வீட்டார் மாடியேறிப் புடவையும் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். அது எந்தப் பங்கீட்டிலும் தெரியாது.

‘கூறு’ நல்ல சொல்தான். ஆனால் கூறு என்றால் எல்லாம் சம அளவு. தலைக்கட்டு வரியும் அப்படியே, பெரிய வீடும் சின்ன வீடும் ஒரே தொகை. நமக்கு வேண்டியது சமமாகப் பிரிப்பது அல்ல, அளவறிந்து பிரிப்பது.

கடைக்காரர், விருதுநகர் பக்கம்

ஐயா, மின்சாரத்தில் ஒரு சந்தேகம். 15,000 பில்லைச் சதுரடிக்கு வகுத்துத்தான் பாத்திரத்துக்கு 2,500 போட்டேன். ஏசி மாடியில் மட்டும்தான். பாத்திரத்தில் நாலு குழல்விளக்கும் ஒரு மின்விசிறியும்தான் ஓடுகின்றன.

தணிக்கையாளர், மதுரை

அப்படியானால் அந்த 2,500 தப்பு. ஒவ்வொரு பிரிவுக்கும் துணை மீட்டர் ஒன்று மாட்டிவிடுங்கள். ஒருவேளை 600 என்று காட்டினால் 2,100 நட்டம் 200 ஆகிவிடும். ஆசிரியை அம்மாவுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மீட்டர் மாட்டும் நாள் வரை மின்சாரம் பகிர வேண்டிய செலவு, மாட்டிய நாள் முதல் நேராக ஏற்றும் செலவு. செலவின் பெயரைப் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது. அளந்து பார்க்க வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

நம் பேரேட்டு வழக்கில் ‘இன்னார் கணக்கில் ஏற்று’ என்பது பழைய பேச்சு. அதை அடியாக வைத்து ஒன்று ‘நேரேற்றல்’, மற்றது ‘பகிர்ந்தேற்றல்’ என்றால் என்ன? இரண்டிலும் செலவு கணக்கில் ஏறுகிறது, ஏறும் வழிதான் வேறு.

ஆசிரியர், யாழ்ப்பாணம்

நல்ல உரையாடல். நாங்கள் இங்கே செலவு என்ற இடத்தில் பெரும்பாலும் கிரயம் என்போம், பொதுவான மேற்செலவுகளை மேந்தலை என்போம். ‘பகிர்ந்தேற்றல்’ எங்கள் பிள்ளைகளுக்கும் விளங்கும். ஆனால் வெறும் ‘பகிர்வு’ என்று சுருக்கிவிடாதீர்கள். கூட்டு வணிகத்தில் பங்காளிகள் இலாபத்தைப் பிரிப்பதற்கும் அதே சொல் வருகிறது. செலவைப் பிரிப்பதும் இலாபத்தைப் பிரிப்பதும் ஒரே பெயரில் இருந்தால் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

எனக்கு இன்னொரு கேள்வி. உரிமையாளர் வாங்கிய கடனுக்கான வட்டி, வருமான வரி இவற்றை எந்த அளவுகோலில் பிரிப்பீர்கள்? இரண்டு ஏற்றலிலும் அடங்காதவற்றுக்கு என்ன பெயர்?

பி.காம். இறுதியாண்டு மாணவர், திருச்சி

சார், அதைப் பிரிக்கவே கூடாது என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். பிரிவுக் கணக்கை முடித்துவிட்டு, பொது இலாபநட்டக் கணக்கில் மொத்தமாகக் கழிக்க வேண்டும். வாடகை விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கல்லாச் சம்பளத்துக்கு விற்பனை விகிதம் சரிதானே?

தணிக்கையாளர், மதுரை

வட்டி பற்றிச் சொன்னது சரி தம்பி. கல்லாவுக்கு நான் பில் எண்ணிக்கையைப் பார்ப்பேன். பத்து ரூபாய் மல்லிப்பொடிக்கும் பத்தாயிரம் ரூபாய் பட்டுக்கும் கல்லாவில் ஆகும் நேரம் பெரிதாக மாறாது. ஆனால் அந்த ஆளே கணக்கும் எழுதினால் எனக்கும் உறுதியான விடை இல்லை.

வணிகவியல் ஆசிரியை, தென்காசி

எல்லாருக்கும் நன்றி. குறிப்பில் ‘நேரேற்றல்’, ‘பகிர்ந்தேற்றல்’ இரண்டையும் எழுதிவிட்டேன். பகிர்ந்தேற்றுவதற்கான அளவுகோலை இப்போதைக்கு ‘அளவுகோல்’ என்றே விட்டிருக்கிறேன். வட்டி, வருமான வரி போல இரண்டிலும் சேராதவற்றுக்கு ‘ஏற்றாச் செலவு’ என்று எழுதிப் பார்த்தேன். கணக்கிலேயே ஏறாதது போல ஒலிக்கிறது, அடித்துவிட்டேன். யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.

அண்ணாச்சி, உங்கள் பாத்திரப் பிரிவை இடமும் ஊரும் மாற்றிப் பயிற்சிக் கணக்காகக் கொடுக்கலாமா?

கடைக்காரர், விருதுநகர் பக்கம்

கொடுங்கள் அம்மா. மீட்டர் மாட்ட நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். மகனிடம் 19,000 கணக்கைக் காட்டினேன். ஆடி போகட்டும், ஆவணி முகூர்த்தம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்கிறான்.