ப்ரெயில்டிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மல்லிகா எழுதியது:
முதியோர் மருத்துவப் பிரிவில் குடும்பத்தாருக்குக் கொடுக்க நாலு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ப்ரெயில்டி' என்ற தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். முதுமையில் உடம்பின் வலு கரைந்து, சின்ன நோய்க்கே படுத்துவிடக்கூடிய நிலை அது. 'மூப்பு' என்றால் வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்பார்கள். 'பலவீனம்' என்றால் டானிக் எழுதித் தரச் சொல்வார்கள்.

புலவர் இராமசாமி எழுதியது:
நொய்மை. ஐயமே வேண்டாம். நொய் என்றால் மென்மை, நுண்மை. உடைந்த அரிசியை நொய் என்கிறோம் அல்லவா? புறநானூறு 243இல் தொடித்தலை விழுத்தண்டினார் தண்டூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் தம் முதுமையைச் சொல்கிறார். அந்தச் 'சில சொல்'லில் இருப்பது நொய்மைதான்.

சேகர் எழுதியது:
எங்கள் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு நொறுங்குவதைத்தானே கேட்கிறீர்கள்? 'நொறுமை' எப்படி?

டாக்டர் பாத்திமா எழுதியது:
சேகர், அது எலும்புப்புரை, வேறு பிரச்சினை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது உண்மை.

நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன், அப்புறம் பெயர் வையுங்கள். போன மாதம் 78 வயது அம்மா ஒருவர் வந்தார். முயற்சி இல்லாமலே ஒரு வருடத்தில் 52 கிலோ 48 ஆகியிருந்தது. பிடியின் வலுவை அளக்கும் கருவியை அழுத்தியபோது 14 கிலோ. ஆசியப் பெண்களுக்கு 18க்குக் கீழே போனால் கவலைப்படுவோம். நாலு மீட்டர் நடக்க ஏழு விநாடி எடுத்தார். வாரத்தில் பாதி நாள் எதைச் செய்தாலும் பெரும்பாடாக இருக்கிறது என்றார். 2001இல் லிண்டா ஃப்ரீட் குழு வகுத்த ஐந்து அறிகுறிகள் எடை இழப்பு, பிடி தளர்தல், மெதுவான நடை, அசதி, நடமாட்டக் குறைவு. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் இந்த நிலை. ஒன்றோ இரண்டோ இருந்தால் முந்தைய கட்டம். இவருக்கு நாலு.

ஆனால் அவருக்குப் பெரிய வியாதி எதுவும் இல்லை. உடம்பின் கையிருப்புதான் கரைந்துவிட்டது. சிறுநீர்த் தொற்று வந்தால் மற்றவர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார். இவர் படுத்த படுக்கையாகிவிடலாம்.

ஜெயசீலன் (யாழ்ப்பாணம்) எழுதியது:
ஊரில் எல்லாரும் 'தள்ளாத வயது' என்பினம். தள்ளாமை இருக்க ஏன் புதுச்சொல்?

புலவர் இராமசாமி எழுதியது:
'தள்ளா விளையுளும்' என்று குறள் 731. அங்கே தள்ளா என்றால் குன்றாத! வள்ளுவர் குன்றாத விளைச்சலைச் சொன்ன சொல்லை நீங்கள் குன்றிப்போன கிழவருக்கு வைக்கிறீர்கள்.

ஜெயசீலன் எழுதியது:
ஐயா, குறளை வைத்து என் பாட்டியைத் திருத்த முடியாது.

கோபால் எழுதியது:
சொல்லை விடுங்கள். என் சித்தப்பாவுக்கு 81. தினம் பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்கிறார், புரதப் பொடி குடிக்கிறார். அவ்வளவு போதும், இந்த நிலையே வராது.

டாக்டர் பாத்திமா எழுதியது:
பாதி சரி. 1994இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி 87 வயதுள்ளவர்களுக்குப் பத்து வாரம் பளுவை எதிர்த்துக் கால் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை. நடை நல்லதுதான், ஆனால் தசைக்குச் சுமை வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சொன்னது இதுதான்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். முதலில் ஐந்து முறை, வாரம் மூன்று நாள். எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டி, பிறகு கணுக்காலில் மணல்பை. விழும் பயம் இருந்தால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால், புலவரையா, இரவும் பகலும் நொய்க்கஞ்சிதான்! 48 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 50 முதல் 58 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் ஆறு கிராம். முட்டை, தயிர், கெட்டிப் பருப்பு என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். தள்ளாமை என்று சொன்னால் நோயாளி "அப்போ முடிஞ்சுதா?" என்கிறார். திரும்பிவர இடமுள்ள சொல் வேண்டும்.

சேகர் எழுதியது:
அம்மாவுக்கும் நாற்காலிப் பயிற்சி சரியா? அறுவை முடிந்து இரண்டு மாதம்.

டாக்டர் பாத்திமா எழுதியது:
அறுவை செய்தவரைக் கேளுங்கள், இங்கே முடிவு செய்ய வேண்டாம்.

மல்லிகா எழுதியது:
'தளர்நிலை' போடுகிறேன். முந்தைய கட்டத்துக்கு 'முன்தளர்நிலை'. மூவர் சரி என்று தனிமடல் போட்டார்கள். முதல் வரியில் "தள்ளாமை என்று நாம் சொல்வதன் தொடக்கம்" என்று வரும், ஜெயசீலன் அண்ணாவுக்காக.

புலவர் இராமசாமி எழுதியது:
நிலைமொழி, வருமொழி நான் ஆராயவில்லை. ஆனால் தளர்வு என்பது வண்டிச்சக்கரத்துக்கும் வரும். நொய்மை மனிதருக்கு மட்டும்.

ஜெயசீலன் எழுதியது:
அரிசிக்கும் வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?