உதவி: 10 பேர் வரம்பு வைத்தும் தேடல் பதிவில் தனிநபர் பெயர் தப்பி வருகிறது, எங்கே தவறு?

நள்ளிரவு_நிரலன்:
எங்கள் தளத்தின் உள்தேடலில் முடிவுகளின் வரிசையைச் சீராக்க, 90 நாள் தேடல் பதிவையும் கிளிக்குகளையும் பயன்படுத்துகிறோம். பதிவு ரேங்கிங் குழுவின் கைக்குப் போகும் முன் அடையாளங்களை நீக்குவது என் வேலை. ஐபி முகவரியைத் தூக்கிவிட்டேன். குக்கி எண்ணை நேரடியாகக் கொடுக்காமல், தினமும் மாறும் சாவியால் ஹாஷ் செய்கிறேன்:

```python
uid = hmac.new(key_today, cookie.encode(), "sha256").hexdigest()
```

நள்ளிரவில் அன்றைய சாவி அழிந்துவிடும். அப்புறம், குறைந்தது 10 வெவ்வேறு `uid` தேடிய சொற்றொடர்களை மட்டும் வெளியே விடுகிறேன்.

நேற்று சும்மா ஒரு கண்ணோட்டம் விட்டபோது ஒருவரின் முழுப் பெயரும் கைபேசி எண்ணும் சேர்ந்த தேடல் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 14 `uid` காட்டுகிறது. பிரபலமானவர் இல்லை. 14 பேர் இதைத் தேடியிருக்க வாய்ப்பே இல்லை. வரம்பை 50 ஆக்கிவிடலாமா?

பழைய_சர்வர்:
எங்களிடமும் இதே தொல்லை இருந்தது. 30 நாளில் பதிவையே அழித்துவிடுகிறோம், வட்டில் இடமும் மிச்சம். நீங்களும் அப்படிச் செய்யுங்களேன்.

நள்ளிரவு_நிரலன்:
அழிப்பது தனிக் கதை ஐயா. அழிக்கும் முன் அதிலிருந்து எதை எடுத்து வெளியே கொடுக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

சொல்_ஹாஷ்:
சொற்றொடரையே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக ஹாஷ் செய்து கொடுங்கள். மாடலுக்கு எந்தச் சொல் எதோடு வருகிறது என்பது போதும், பெயர் தெரிய வேண்டியதில்லை. வரம்பே தேவைப்படாது.

மீனா_தரவு:
முதலில் உங்கள் 14-ஐப் பார்ப்போம். சாவி தினமும் மாறுகிறது என்றால் ஒரே ஆள் திங்களன்று ஒரு `uid`, செவ்வாயன்று இன்னொரு `uid`. 90 நாளுக்கும் சேர்த்து `COUNT(DISTINCT uid)` போட்டால் நீங்கள் எண்ணுவது ஆட்களை அல்ல, ஆள்-நாட்களை. ஒருவர் தன் பெயரையும் எண்ணையும் 14 நாள் தேடிப் பார்த்திருந்தால் உங்கள் கணக்கில் அவர் 14 பேர். வரம்பை 50 ஆக்கினாலும் தினமும் தேடுகிறவர் தாண்டிவிடுவார். இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT q, COUNT(DISTINCT uid) AS people,
       COUNT(DISTINCT day) AS days
FROM logs GROUP BY q
HAVING COUNT(DISTINCT uid) >= 10;
```

`people`, `days` இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் வரிகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அரிதான நல்ல தேடல்களும் அப்படியே தெரியும், ஒரு நாளைக்கு ஒருவர் வீதம் வெவ்வேறு ஆட்கள் வந்திருக்கலாம். அதனால் இது நோயைக் காட்டும் சோதனை, மருந்து இல்லை.

சொல்_ஹாஷ் சொன்னது பாதி சரி. சொற்களை ஹாஷ் செய்தாலும் எது எத்தனை முறை வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்பது அப்படியே மிஞ்சும். இதேபோன்ற வேறொரு பதிவு கையில் இருப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே பல சொற்களை மீட்டுவிடுவார். 2007-இலேயே இதை ஆய்வுக்கட்டுரையாகக் காட்டியிருக்கிறார்கள்.

நள்ளிரவு_நிரலன்:
ஐயோ, அதேதான். 14 `uid`, 14 நாள், நாளுக்கு ஒன்று. பாதுகாப்புக்கென்று வைத்த தினசரி சாவியே வரம்பை ஓட்டையாக்கிவிட்டது. அப்படியானால் சாவியை மாற்றாமலே வைத்திருக்க வேண்டுமா? அது ஒருவரின் 90 நாள் தேடலையும் ஒரே சரடில் கோத்துவிடுமே.

மீனா_தரவு:
அந்தப் பயம் நியாயமானது. 2006 ஆகஸ்டில் அமெரிக்க இணைய நிறுவனம் ஏஓஎல் வெளியிட்ட தேடல் பதிவில் சுமார் 6,50,000 பயனர்களின் மூன்று மாதத் தேடல்கள் இருந்தன. பெயர் இல்லை, ஆளுக்கு ஓர் எண் மட்டுமே. ஒரே எண்ணின் கீழ் இருந்த தேடல்களைச் சேர்த்துப் படித்தே செய்தியாளர்கள் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

இங்கே வேலை இரண்டு, அதனால் சாவியும் இரண்டு வையுங்கள். எண்ணுவதற்கு 90 நாளும் மாறாத சாவி. அது உள்ளே, எண்ணும் நிரலுக்கு மட்டும். அதன் `uid` எந்த வெளியீட்டிலும் வரக்கூடாது, எண்ணி முடித்ததும் சாவியும் அட்டவணையும் அழிய வேண்டும். ரேங்கிங் குழுவுக்கு `uid`-யே எதற்கு? எந்தச் சொற்றொடருக்கு, எந்த ஆவணம், எத்தனையாவது இடத்தில், எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக், அவ்வளவு போதும். இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலே இருப்பதால் விழுந்த கிளிக்கையும் நன்றாக இருப்பதால் விழுந்த கிளிக்கையும் பிறகு பிரிக்க முடியாது.

நீண்ட சாவியே வேண்டாம் என்றால், ஏதாவது ஒரு நாளுக்குள் 10 `uid` வந்த சொற்றொடரை மட்டும் விடலாம். பாதுகாப்பானது, ஆனால் அரிதான தேடல்களில் பெரும்பகுதி போய்விடும்.

இயல்மொழி:
இடையில் ஒரு விஷயம். தமிழ்த் தேடல்கள் வரம்பில் அநியாயமாக அடிபடும். "கொ"-வில் உள்ள ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாக (U+0BCA) அனுப்புவார்கள், சில பழைய விசைப்பலகைகள் இரண்டு குறிகளாக (U+0BC6, U+0BBE) அனுப்பும். திரையில் ஒன்று, பதிவில் இரண்டு சொல். 12 பேர் தேடியது 7, 5 எனப் பிரிந்து இரண்டுமே விழும். எண்ணும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் NFC போடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோரை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை.

நள்ளிரவு_நிரலன்:
இரண்டு சாவியோடு ஓட்டிவிட்டேன். அந்தப் பெயருக்கு இப்போது `people` 2. கைபேசி ஒன்று, கணினி ஒன்று என்று ஊகிக்கிறேன். NFC போட்டதில் ஏற்கெனவே விழுந்த சில தமிழ்ச் சொற்றொடர்கள் திரும்ப வந்தன.

ஆனால் ரேங்கிங் குழு விடவில்லை. அரிதான தேடல்களில்தான் முடிவுகள் மோசம், அதைத்தான் நீ வெட்டுகிறாய் என்கிறார்கள்.

மீனா_தரவு:
அரிதான தேடலுக்கு எழுத்தைக் கொடுக்காமல் எண்களை மட்டும் கொடுங்கள். தேடலும் ஆவணமும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற BM25 மதிப்பு, தலைப்பில் எத்தனை சொல் பொருந்தியது, ஆவணத்தின் வயது, இடம், கிளிக் உண்டா இல்லையா. இவற்றை உள்ளேயே கணக்கிட்டு, சொற்றொடரையும் ஆவண எண்ணையும் நேரத்தையும் விட்டுவிட்டு வெளியே அனுப்பலாம். LambdaMART போன்ற ரேங்கிங் மாடலுக்கு எந்த வரிகள் ஒரே தேடலைச் சேர்ந்தவை என்று தெரிந்தால் போதும், அதற்குத் தற்செயலான ஒரு குழு எண் கொடுங்கள்.

ஒன்று கவனம்: `17.38291` என்ற BM25 மதிப்பு கைரேகை மாதிரி. இன்டெக்ஸ் கையில் உள்ளவர் தனக்குத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக ஓட்டி, அதே மதிப்பு வரும் பெயரைப் பிடித்துவிடுவார். பத்துப் பன்னிரண்டு படிகளாகத் தோராயமாக்கிவிட்டுக் கொடுங்கள்.

சொல்_ஹாஷ்:
இவ்வளவு செய்தும் 10 என்பது வெறும் கைக்கணக்குத்தானே? வாரந்தோறும் வெளியிட்டால், போன வாரம் இல்லாமல் இந்த வாரம் வந்த சொற்றொடரை யாரோ பத்தாவது ஆளாகத் தேடியிருக்கிறார் என்று தெரிந்துவிடுமே.

மீனா_தரவு:
தெரியும்தான். எண்ணிக்கையோடு தற்செயலான ஓர் எண்ணை இரைச்சலாகச் சேர்த்துவிட்டு அதன்மேல் வரம்பு வைத்தால் அந்தக் கசிவுக்கு ஒரு அளவு சொல்லலாம், வெளியிடும் கிளிக் எண்களுக்கும் அதேபோல இரைச்சல் வேண்டும். ஒரு ஆள் அதிகபட்சம் எத்தனை தேடலுக்குக் கணக்கில் வரலாம் என்றும் கட்ட வேண்டும். விலை: 10, 15 பேர் உள்ள சொற்றொடர்களில் எது நிற்கும், எது விழும் என்பது உங்கள் கையில் இருக்காது.

நள்ளிரவு_நிரலன்:
இரைச்சலுக்கு ரேங்கிங் குழு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு வாரந்தோறும் என்பதை நிறுத்தி 90 நாளுக்கு ஒருமுறை மட்டும் கொடுக்கிறேன். பழைய சாவியில் போன மாதம் கொடுத்த கோப்பைத் திரும்ப வாங்கி அழிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மூன்று பிரதிகள் எடுத்திருக்கிறார்களாம், இரண்டுதான் கிடைத்தன.